பாட்டிக்கு 6.2, பேரனுக்கு 7.8: யாருக்கு ஆபத்து?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிக்கு வயது 76. இனிப்பு நீர் வந்து இருபது வருடமாகிறது. லோரி ஓட்டும் பேரனுக்கு 29; போன வருடம்தான் தெரிய வந்தது. இருவரின் ஹெச்பிஏ1சி முடிவும் ஒரே வாரத்தில் வருகிறது. பாட்டிக்கு 6.2, பேரனுக்கு 7.8. பாட்டி கெட்டிக்காரி என்று வீடு மெச்சுகிறது. பேரனுக்கு, "கொஞ்சம்தான் கூட, பரவாயில்லை" என்று ஆறுதல். எனக்கென்னவோ இரண்டு தீர்ப்புமே தலைகீழ்.

இரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு சாகும்வரை பெரும்பாலும் விலகாது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதனால் நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். அந்தப் பங்குதான் ஹெச்பிஏ1சி. 6.2 என்றால் சராசரி சுமார் 7.3 மில்லிமோல். 7.8 என்றால் சுமார் 9.8.

சராசரி என்பதில்தான் வில்லங்கம். பாட்டி காலையில் கிளிக்லசைட் மாத்திரை போடுகிறார், இரவில் இன்சுலின் ஊசி. பல் இல்லை, பசியும் இல்லை. பாதி நாள் இரவுச் சாப்பாடு ஒரு பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். மதியம் சோறு சாப்பிட்டதும் 11.4 வரை ஏறுகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு 3.2க்கு இறங்குகிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள்: அதே 7.3. ஆய்வுக்கூடத் தாளில் இது அழகான எண்ணாகத்தான் தெரியும். ஆனால் நான்குக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

கிளிக்லசைட் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். பாட்டி சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்க்காது. வயதில் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்சுலினும் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும். இளையவர்களுக்கு இந்த நேரத்தில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எழுந்து எதையாவது தின்பார்கள். வயதானவர்களுக்கு அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் போட்டால் நடுக்கமும் படபடப்பும் இன்னும் மறையும், வியர்வைதான் மிஞ்சும். காலையில் தலையணை நனைந்திருப்பது, தலைவலி, பேச்சில் குழப்பம், கழிவறைக்குப் போகும்போது விழுவது, இவற்றை "வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடுகிறோம். அந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடப்பதில்லை.

எண்ணை இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்தது. வட அமெரிக்காவில் அக்கோர்ட் என்ற ஆய்வு இதைச் சோதித்தது. நீண்டகால இனிப்பு நீரோடு இருதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 10,251 பேர், சராசரி வயது 62. ஒரு பாதியினரின் ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பக்கம் 257 பேர் இறந்தார்கள், தளர்வான பக்கம் 203. 2008இல் அந்தக் கடுமையான சிகிச்சையை நடுவிலேயே நிறுத்தினார்கள். தாழ்சர்க்கரைதான் கொன்றது என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே இலக்கு என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

பேரன் கதை வேறு. அதிகச் சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்குழாய்களைக் கெடுக்க வருடங்கள் பிடிக்கும். அவனுக்கு முன்னால் நாற்பது வருடத்துக்கு மேல் கிடக்கிறது. இளம் வயதில் வரும் இரண்டாம் வகை இனிப்பு நீர் இன்னும் வேகமாகவே சேதம் செய்கிறது. புதிதாக நோய் கண்டவர்களைச் சுமார் பத்து வருடம் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றின் முடிவு 1998இல் வந்தது: 7.9இல் இருந்தவர்களைவிட 7.0இல் இருந்தவர்களுக்கு நுண்குழாய்ச் சிக்கல்கள் கால் பங்கு குறைவு. லாபம் கைக்கு வரவே அத்தனை வருடம் ஆகும். பேரனுக்கு அந்த வருடங்கள் உண்டு. 76 வயதில் பல நோயோடு இருப்பவருக்கு, லாபம் வருவதற்கு முன்பே விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டி, பேரனைப் போன்றவருக்கு 6.5 அல்லது அதற்குக் கீழே என்கிறது. பாட்டியைப் போன்றவருக்கு 7.1 முதல் 8.0 வரை விடலாம் என்கிறது. வயது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அதே 76 வயதில், மெட்போர்மின் மட்டும் எடுத்து, தினமும் நடந்து, 6.2 வைத்திருக்கும் தாத்தாவைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. மெட்போர்மின் தனியாகத் தாழ்சர்க்கரை தருவது அரிது. கேட்க வேண்டியது, அந்த எண் எந்த மருந்தால் வந்தது என்பதுதான்.

பாட்டிக்குச் செய்ய வேண்டியது, விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு மூன்று நாள் விரலில் குத்திப் பார்த்து, அந்தக் குறிப்போடு கிளினிக்கில் மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது. வீட்டிலேயே ஊசியை நிறுத்திவிடக் கூடாது. தளர்த்துவதற்கும் எல்லை உண்டு: இரத்தச் சர்க்கரை பத்தைத் தாண்டும்போது சிறுநீரில் இறங்கத் தொடங்கும், இரவில் நாலு தடவை எழ வேண்டிவரும், பாட்டி அப்போதும் அதே கழிவறை வாசலில்தான் விழுவார்.