லாரியில் வந்த சரக்கு உடைந்திருந்தால்: 180 நாள் எப்போது தொடங்குகிறது?

அருப்புக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்தும் அக்கா, போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கினார். விலை 62,000 ரூபாய். ஜனவரி 8-ஆம் தேதி கோவையில் புக்கிங் ஆனது. நடுவில் பொங்கல் வந்ததால் 20-ஆம் தேதிதான் கைக்குக் கிடைத்தது. மரச்சட்டம் ஒரு பக்கம் பிளந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் கல்லில் அடியிலிருந்து விளிம்பு வரை விரிசல், ஸ்டாண்டு வளைந்திருக்கிறது.

அன்றைக்கே பார்சல் ஆபீசுக்குப் போனார். "புக்கிங் பண்ண ஆபீஸ்ல கேளுங்கம்மா" என்றார்கள். அங்கே போன் போட்டால் "அனுப்பினவங்கதான் கம்ப்ளெயின்ட் கொடுக்கணும்." அனுப்பிய கடைக்காரரோ "எங்க குடோனை விட்டு நல்லபடியாத்தான் போச்சு" என்றார். மாதம் ஒரு முறை போய்க் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "ஹெட் ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம், வந்துடும்" என்ற பதில்தான். ஜூலை 14-ஆம் தேதி யாரோ சொல்லி எழுத்தில் புகார் அனுப்பினார். சரக்கு வந்து 175 நாள்தானே ஆகிறது, 180 நாளுக்குள்தானே இருக்கிறோம் என்ற நம்பிக்கை. ஒரு வாரம் கழித்து வந்த பதிலில் ஒரே வரி: காலக்கெடு முடிந்துவிட்டது.

அந்தப் பதிலோடுதான் என்னிடம் வந்தார். மனு எழுதிக்கொடுக்கிற எனக்கு அன்றைக்கு எழுத எதுவும் மிச்சம் இல்லை. சட்டம் அவர்கள் சொன்னபடிதான் இருக்கிறது.

சாலை வழியாகச் சரக்கு எடுத்துச் செல்கிறவர்களுக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. 'கேரேஜ் பை ரோடு ஆக்ட்' என்று பெயர். 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, சேதத்தைப் பற்றி எழுத்தில் அறிவிப்பு கொடுக்காமல் லாரி சர்வீஸ் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. அந்த அறிவிப்பு 180 நாளுக்குள் அவர்களிடம் சேர வேண்டும். அந்த 180 நாள் சரக்கு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓடவில்லை. புக்கிங் ஆன தேதியிலிருந்து ஓடுகிறது. அக்காவுக்குக் கெடு ஜூலை 7-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆறு மாதம் அலையவிட்டவர்களே ஏழு நாள் தாமதம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

கவுண்டரில் வாயால் சொன்னது எழுத்து ஆகாது. போனில் பேசியதும் ஆகாது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, நீல டிக் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மெயில் அனுப்பினால் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தாளில் எழுதி, ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். தனியாக இருந்த பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால், டெலிவரி ஆனதற்கான சான்று வேண்டும் என்று தபால் ஆபீஸ் கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் தபாலில் போட்டால் போதாது, அவர்கள் கையில் சேர்ந்திருக்க வேண்டும். ஹெட் ஆபீஸ், புக்கிங் ஆபீஸ், டெலிவரி ஆபீஸ் மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். "அந்த ஆபீஸ்ல கேளுங்க" என்று ஒருவரை ஒருவர் காட்டுகிற வேலை அத்தோடு நிற்கும்.

"அனுப்பினவர்தான் புகார் கொடுக்கணும்" என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். யார் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்லவில்லை. எழுத்தில், கெடுவுக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சரக்குக்குப் பணம் கொடுத்து வாங்கியவர் நீங்கள், நீங்களே அனுப்புங்கள். பின்னால் வம்பு வேண்டாம் என்றால் விற்றவரிடமும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அவர் அனுப்பட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

சரி, கெடுவுக்குள் கொடுத்தாயிற்று. எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் பலருக்கு வயிற்றெரிச்சல். இந்தச் சட்டத்துக்கான 2011 விதிகளில் 12-ஆம் விதிப்படி, லாரி சர்வீஸ் தர வேண்டிய இழப்பீடு நீங்கள் கட்டிய வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது. அதோடு, புக்கிங் செய்யும்போது எழுதிக்கொடுத்த சரக்கு மதிப்பையும் தாண்டாது. இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம்.

அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். வாடகை 1,100 ரூபாய், பத்து மடங்கு 11,000. புதுக்கல்லும் ஸ்டாண்டு வேலையும் சேர்த்து மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட் 14,500. கெடுவுக்குள் கேட்டிருந்தாலே 3,500 ரூபாய் கைநஷ்டம். ஆனால் புக்கிங்கின்போது லாரி சர்வீஸ் போடுகிற ரசீதான எல்.ஆர். காப்பியை வாங்கிப் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. மதிப்பு என்ற இடத்தில் விற்ற கடைக்காரர் 5,000 என்று எழுதிவிட்டிருந்தார். 62,000 ரூபாய் மிஷினுக்கு 5,000! 'எப்பவும் அப்படித்தான் எழுதுறது' என்பதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை. அந்தக் கைப்பழக்கத்தால் அக்காவுக்கு வரக்கூடிய உச்சத்தொகை 5,000 ஆகிவிட்டது.

அதனால் வெளியூரிலிருந்து எதையாவது வாங்கும்போது, புக்கிங் ஆன அன்றைக்கே எல்.ஆர். காப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று இடத்தைப் பாருங்கள்: தேதி, சரக்கு மதிப்பு, வாடகை. மதிப்பு காலியாகவோ குறைவாகவோ இருந்தால் வண்டி கிளம்புவதற்குள் திருத்தச் சொல்லுங்கள். உடையக்கூடிய, விலை கூடிய பொருள் என்றால் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டி புக் செய்யவும் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிக் கட்டினால் இந்தப் பத்து மடங்கு வரம்பு உங்களைக் கட்டாது. கட்டியது எல்.ஆரில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எல்.ஆரில் சீல் குத்தியிருப்பதைக் காட்டி "எங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பார்கள். அந்தச் சீலைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். சட்டத்தின்படி வரம்புக்கு உட்பட்ட பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அவர்கள் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை, 12-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. வெள்ளம், கலவரம் போன்ற காரணம் இருந்தால் அதை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று, சரக்கு சேதமாகத்தான் கைக்கு வந்தது என்பது. அதற்கு டெலிவரி எடுக்கிற அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். பெட்டி நசுங்கியிருந்தால் அவர்கள் கண் முன்னால் பிரியுங்கள். பெட்டியோடு, அதில் ஒட்டிய எல்.ஆர். நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கையெழுத்துப் போடும்போது 'மரச்சட்டம் உடைந்து, கல் விரிசலுடன் பெற்றேன்' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். "அப்படி எழுதினா சரக்கு தர மாட்டோம்" என்று மிரட்டுவார்கள். அப்படி நடந்தால் அதையும் சேர்த்து அன்றைக்கே கடிதத்தில் எழுதுங்கள். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை, ஆனால் "நல்லபடியாகப் பெற்றுக்கொண்டார்" என்று அந்தத் தாளைத்தான் நாளைக்கு நீட்டுவார்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பொருள்: சரக்குச் சேதம், கேரேஜ் பை ரோடு ஆக்ட் 2007, பிரிவு 16-இன் கீழ் அறிவிப்பு. தங்கள் கோவை கிளையில் 08.01.2025 அன்று இன்ன எல்.ஆர். எண்ணில் புக் செய்யப்பட்ட கிரைண்டர் ஒன்றை 20.01.2025 அன்று தங்கள் அருப்புக்கோட்டை கிளையில் பெற்றேன். பெறும்போதே மரச்சட்டம் உடைந்தும், கல் விரிசல் விட்டும், ஸ்டாண்டு வளைந்தும் இருந்தன. இவை தங்கள் பொறுப்பில் சரக்கு இருந்தபோது ஏற்பட்டவை. பழுதுபார்க்க ரூ.14,500 ஆகும். சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்பேன். இணைப்பு: எல்.ஆர். நகல், பில் நகல், எஸ்டிமேட், போட்டோ."

சேதத்தின் முழுத் தொகையை எழுதுங்கள். வரம்பைக் காட்டிக் குறைப்பது அவர்கள் வேலை, அதை நீங்களே குறைத்து எழுத வேண்டாம். எஸ்டிமேட் கைக்கு வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் சுமாரான தொகையைப் போட்டு அனுப்பிவிட்டு, பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். அசல் எல்.ஆரை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். "ஒரிஜினல் இருந்தாத்தான் கிளெய்ம் பிராசஸ் ஆகும்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு காணோம் என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வாடகையை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். அதில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டால் மீதியைக் கேட்க முடியாமல் போகும்.

30 நாளில் பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்.ஆரின் பின்பக்கம் வழக்கு எங்கள் ஊர் கோர்ட்டில்தான் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. ஆனால் "இது வியாபாரத்துக்கு வாங்கின பொருள், நீங்க நுகர்வோரே இல்லை" என்று முதல் வாய்தாவிலேயே எதிர்ப்பார்கள். பிழைப்புக்காக, சொந்த உழைப்பில் செய்கிற தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற கம்பெனி என்றால் இந்த வாதம் எடுபடுவது கஷ்டம், சிவில் கோர்ட்டுதான் வழி.

விற்றவரையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். லாரியில் ஏற்றியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்பது பொதுவான விதிதான். ஆனால் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பொருளுக்குத் தக்க முறையில் அவர் லாரிக்காரரிடம் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும் என்கிறது. செய்யாமல் விட்டு வழியில் சேதமானால், லாரியில் ஏற்றியதை எனக்கு டெலிவரி கொடுத்ததாக ஏற்க மாட்டேன் என்று வாங்கியவர் சொல்லலாம். 62,000 ரூபாய்ப் பொருளை 5,000 என்று எழுதியதைப் பிடித்துத்தான் அக்காவுக்காகக் கோவை கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் புதுக்கல் மட்டும் அனுப்பி வைத்தார். ஸ்டாண்டு வேலை அக்காவின் செலவு.

அந்தப் புதுக்கல்லும் சும்மா வரவில்லை. பழைய கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் ஒரு ஆளை அனுப்பினார். நல்லவேளை, அக்கா அதைக் காயலான் கடையில் போடாமல், உடைந்த மரச்சட்டத்தோடு கடைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.