லாக்அவுட் செய்த பிறகு பிரவுசரில் என்ன மிஞ்சும்?

பிரவுசரில் சாட் செய்யும்போது நம் கணக்கு இரண்டு இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஒன்று அந்த நிறுவனத்தின் சர்வர். "இந்தப் பிரவுசர் இந்தக் கணக்கைச் சேர்ந்தது, உள்ளே விடலாம்" என்ற பதிவு அங்கே இருக்கும். இன்னொன்று நாம் உட்கார்ந்திருக்கும் கணினியின் ஹார்டு டிஸ்க். உள்ளே நுழைவதற்கான சாவியும், வந்த செய்திகளின் நகலும் அங்கே கிடக்கும். லாக்அவுட் என்றால் இந்த இரண்டு இடத்திலும் வேலை நடக்க வேண்டும். அவை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

டெல்லியில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். முனிர்காவில் அறை எடுத்துப் படிக்கும் தமிழ் மாணவி ஒருத்தி, பேர் சராய் பகுதியில் ஒரு செராக்ஸ் கடைக்குப் போகிறாள். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து, அப்பா அனுப்பிய சான்றிதழ் பிடிஎஃப்பை இறக்கி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கடைக்காரர் கணினியை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இரவு சாப்பிடும்போதுதான் அவளுக்கு நினைவு வருகிறது. உடனே செல்போனில் `Linked devices` பகுதிக்குப் போய், அந்தப் பிரவுசரைத் தொட்டு `Log out` கொடுக்கிறாள். பட்டியலிலிருந்து அது மறைந்துவிடுகிறது. சரி, கடைக் கணினியில் இருந்த செய்திகள் போய்விட்டனவா?

அந்த நிமிடத்தில் போகவில்லை. செல்போன் சொன்னது சர்வருக்கு மட்டும். இனி வரும் புதுச் செய்தி எதுவும் அந்தப் பிரவுசருக்குப் போகாது, அங்கிருந்து அவள் பெயரில் யாரும் எதையும் அனுப்ப முடியாது. பெரிய ஆபத்து நீங்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அணைந்து கிடக்கும் கணினியின் டிஸ்கில் இருப்பதை அழிக்க சர்வருக்குக் கை நீளாது. மறுநாள் காலை யாராவது அந்தப் பக்கத்தை இணைய இணைப்போடு திறக்கும்போதுதான் அது சர்வரைத் தொடர்பு கொள்ளும். "நீ நீக்கப்பட்டுவிட்டாய்" என்ற பதில் வந்ததும், பக்கத்தில் இருக்கும் நிரல் தானே தன் சேமிப்பைத் துடைத்துவிட்டு கியூஆர் கோடைக் காட்டும். நடுவில் இருக்கும் அந்த இரவு முழுவதும் நகல் அங்கேயேதான் இருக்கிறது.

எந்தச் சாட் தளமானாலும் கதை இதுதான். துடைப்பது பக்கத்தின் நிரல்; அது ஓடினால்தான் துடைக்கும். தன் பதிலோடு `Clear-Site-Data` என்ற குறிப்பை அனுப்பி, "இந்தத் தளம் சேமித்ததையெல்லாம் அழி" என்று சர்வர் பிரவுசருக்கு ஆணையிடவும் வழி உண்டு. அதற்கும் பிரவுசர் ஒருமுறை சர்வரோடு பேசியாக வேண்டும். சில தளங்கள் லாக்அவுட்டில் நுழைவுக் குக்கீயை மட்டும் நீக்கிவிட்டு, செய்தி நகலை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அடுத்த முறை வேகமாகத் திறக்கட்டும் என்று செய்வது. சொந்த லேப்டாப்பில் அது வசதி, கடைக் கணினியில் தொல்லை.

எது நடந்தது என்று நாமே பார்க்கலாம். குரோமில் அந்தத் தளத்தைத் திறந்து F12 அழுத்தி, `Application` பகுதியில் `IndexedDB` என்பதை விரித்தால், தளம் வைத்திருக்கும் சேமிப்பின் பெயர்கள் தெரியும். சாட் தளங்கள் பெரும்பாலும் செய்திகளை வைப்பது இங்கேதான். `Console` பகுதியில் இவற்றை ஒவ்வொரு வரியாகத் தட்டினாலும் போதும்:

```
await indexedDB.databases()
await navigator.storage.estimate()
```

முதல் வரி பெயர்களைத் தரும், இரண்டாவது எத்தனை பைட் பிடித்திருக்கிறது என்று சொல்லும். லாக்அவுட்டுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். வாட்ஸ்அப் வெப்பில் `model-storage` என்ற பெயர் இருந்தால், செய்திகளும் தொடர்புகளும் அதற்குள்தான். லாக்அவுட்டுக்குப் பிறகும் அளவு பல எம்பி இருந்தால் உடனே பதற வேண்டாம், பக்கத்தின் நிரல் கோப்புகளும் அந்தக் கணக்கில் சேரும். பெயர்களை விரித்து உள்ளே வரிசைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. குரோம் இந்தச் சேமிப்புக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவது LevelDB என்ற தரவுத்தளம். அதில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே கோப்பை விட்டுப் போய்விடாது. மளிகைக் கடை கணக்கு நோட்டில் பழைய பாக்கியை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் "தீர்ந்தது" என்று எழுதுவதுபோல, "இது இனி இல்லை" என்று புதிதாக ஒரு குறிப்பு சேரும். பழைய கோப்புகளை ஒன்றுசேர்த்துச் சுருக்கும் வேலை பின்னணியில் நடக்கும்போதுதான் அந்த வரிகள் உண்மையில் விலகும். தடயவியல் ஆய்வாளர்கள் அழிந்த பதிவுகளை மீட்பது இந்த இடைவெளியில்தான். சாதாரணக் கடைக்காரருக்கு இது எட்டாத வேலை. இருந்தாலும், Ctrl+Shift+Delete அழுத்தி, காலம் `All time` என்று வைத்து, குக்கீ மற்றும் தளத் தரவை அழித்தால் அந்தத் தளம் உட்பட எல்லாத் தளங்களின் சேமிப்பும் மொத்தமாக நீக்கப்படும். ஆகவே பொதுக் கணினியில் லாக்அவுட்டோடு இதையும் செய்வது நல்லது.

இதை மட்டும் செய்துவிட்டு லாக்அவுட்டை விட்டால் தலைகீழாக நடக்கும். பிரவுசரில் சாவியும் செய்தியும் போய்விடும். சர்வருக்கோ யாரும் சொல்லவில்லை, அதனால் செல்போன் பட்டியலில் அந்தக் கணினி இணைந்தே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். முதலில் லாக்அவுட், அப்புறம் துடைப்பு என்ற வரிசைதான் சரி. இறக்கிய பிடிஎஃப் மட்டும் இரண்டுக்கும் அடங்காது. அது `Downloads` கோப்புறையில் கிடக்கும், கையால் அழிக்க வேண்டும். இன்காக்னிட்டோ சாளரத்திலும் இறக்கிய கோப்பு தங்கிவிடும். மற்றபடி, இன்காக்னிட்டோவில் திறந்திருந்தால் அந்தச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியதுமே செய்தி நகல் போயிருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. மெசேஜ் செயலிகளின் வெப் வடிவம் 6 மணி நேரத்துக்கு மிகாமல் தானாக லாக்அவுட் ஆக வேண்டும், மறுபடி கியூஆர் கோடு கொண்டு இணைக்க வழி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அலுவலகத்தில் நாள் முழுக்க வெப்பில் இருப்பவர்களுக்கு உடனே வரும் பயம், "பழைய செய்தி போய்விடுமா?" என்பது. வாட்ஸ்அப்பில் மூலப் பிரதி செல்போனில் இருக்கிறது. மறுபடி இணைக்கும்போது செல்போன் அண்மைச் செய்திகளைப் பூட்டிய கட்டாக அனுப்பிவைக்கும், பிரவுசர் அதைப் பிரித்துத் தன் சேமிப்பை நிரப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரம் பட்டியல் அரைகுறையாகத் தெரிந்தால் அது இந்த வேலை நடக்கும் நேரம்.

உண்மையான இழப்பு வேறு வகைச் சேவையில் வரும். மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இயங்கும் எலிமெண்ட் என்ற சாட் செயலியில், பூட்டிய செய்திகள் சர்வரில் பத்திரமாக இருக்கும், திறக்கும் சாவிகள் பிரவுசரில் இருக்கும். சாவிகளைக் காப்பு எடுக்காமல், வேறு எந்தக் கருவியிலும் அந்தக் கணக்கில் நுழையாமல், இருக்கும் ஒரே பிரவுசரில் லாக்அவுட் கொடுத்தால் சாவிகள் அழிந்துவிடும். மீண்டும் நுழைந்தால் உரையாடல்கள் வரிசையாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பழைய செய்தியின் இடத்திலும் "திறக்க முடியவில்லை" என்ற அறிவிப்புதான் இருக்கும். லாக்அவுட் செய்யும்போது வரும் எச்சரிக்கைப் பெட்டி இதைத்தான் கேட்கிறது. சாவிகளைக் காப்பு எடுத்து, அந்தக் காப்பைத் திறக்கும் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் அதில் சம்மதம் கொடுக்க வேண்டும்.