எரித்த மண்ணில் குறைந்த நிறை எல்லாம் காபனா?

தம்பலகாமத்து வயலில் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு எடுத்த மண், காய்ந்ததும் சம்மட்டி கேட்கும் அளவுக்கு இறுகிவிடும். அவ்வளவு களி. அதே நாளில் நிலாவெளிக் கரையோரம் எடுத்த மண் விரலிடுக்கால் உதிரும். இரண்டையும் ஒரே உலையில், ஒரே வெப்பநிலையில் எரித்து, ஒரே எண்ணால் பெருக்கி, "சேதனக் காபன் இவ்வளவு" என்று அட்டவணை போடும் ஆய்வறிக்கைகளை வருடாவருடம் வாசிக்கிறேன். மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முறை அவ்வளவு எளிதாக இருப்பதால் அதன் குறை கண்ணில் படுவதில்லை.

செய்வது இதுதான். மண்ணைக் காற்றில் உலர்த்தி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிக்க வேண்டும். நிறை தெரிந்த பீங்கான் புடக்குகையில் ஏறத்தாழ 5 கிராம் மண்ணை இட்டு, 105 பாகை செல்சியஸில் ஓர் இரவு வைத்தால் ஈரம் போய்விடும். டெசிக்கேட்டரில் ஆறவைத்து நிறுத்துவிட்டு, உலையில் 550 பாகையில் 4 மணித்தியாலம் எரித்து, மறுபடி ஆறவைத்து நிறுக்க வேண்டும். இரண்டு நிறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை 105 பாகையில் உலர்ந்த மண்ணின் நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் எரித்தல் இழப்பு வீதம் கிடைக்கும். சேதனப் பொருளில் 58 வீதம் காபன் என்ற பழைய கணிப்பின்படி அதை 0.58ஆல் பெருக்கிச் சேதனக் காபன் என்பார்கள்.

களிமண் ஒன்றுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் புடக்குகை 24.318 கிராம். 105 பாகையில் உலர்ந்த மண்ணோடு 29.402. ஆகவே மண் 5.084 கிராம். எரித்தபின் 29.087. இழப்பு 0.315 கிராம், அதாவது 6.2 வீதம். 0.58ஆல் பெருக்கினால் சேதனக் காபன் 3.6 வீதம். வெயில் வருடத்தின் பெரும்பகுதி சுட்டெரிக்கும் உலர்வலய வயலுக்கு இது நம்பமுடியாத அளவு அதிகம்.

மிகுதி எங்கிருந்து வந்தது? களியிலிருந்து. நம் பகுதி மண்களில் பரவலாக உள்ள கயோலினைற்று என்ற களிக் கனிமம் தன் பளிங்குக்குள்ளேயே ஐதரொட்சைல் கூட்டங்களை வைத்திருக்கிறது. இவை 105 பாகைக்கு அசையாது. 400 பாகையைத் தாண்டி 550ஐ நெருங்கும்போது பளிங்கு உடைந்து அவை நீராவியாக வெளியேறும். தூய கயோலினைற்று இப்படித் தன் நிறையில் ஏறக்குறைய 14 வீதத்தை இழக்கும். மேலே சொன்ன மண்ணில் 30 வீதம் கயோலினைற்று என்று வைத்துக்கொண்டால், அதன் நீர் மட்டுமே 4.2 வீத இழப்பு. மிஞ்சுவது 2 வீதம். அதைக் காபனாக்கினால் 1.2 வீதம்தான். முதல் விடை உண்மையைப் போல மூன்று மடங்கு.

இது வெறும் தாள் வித்தியாசமில்லை. மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணின் பருமனடர்த்தி 1.4 என்றால், ஒரு ஹெக்டேயரில் 2100 தொன் மண் இருக்கிறது. 2.4 வீதப் பிழை ஹெக்டேயருக்கு 50 தொன் காபனை இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டிவிடும்.

வெப்பநிலையைக் குறைத்தால் தப்பலாமா என்று கேட்பார்கள். 375 பாகைக்கு அருகில் நீண்ட நேரம் எரிப்பவர்கள் உண்டு, கயோலினைற்றுப் பிழை அதில் பெருமளவு குறையும். ஆனால் செம்மண்ணில் கீதைற்று என்ற இரும்புக் கனிமம் இருந்தால், அது 300 பாகையை அண்டியே நீரை விட்டுவிடும். வைக்கோல் எரித்த வயலின் கரித்துண்டுகளோ அந்த வெப்பநிலையில் முழுதாக எரியாமல் தங்கிவிடலாம். எனவே எந்த வெப்பநிலையைத் தேர்ந்தாலும் ஒரு பிழையைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம்.

எனக்கு நம்பிக்கை தரும் வழி வேறு. எல்லா மாதிரிகளையும் எரித்துவிட்டு, அவற்றில் 15, 20ஐ மண்வகை, ஆழம் எல்லாம் அடங்கும்படி தெரிந்தெடுத்து, சேதனக் காபனை வேறொரு முறையால் நேரடியாக அளக்க வேண்டும். இரண்டையும் வரைபில் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும். காபன் பூச்சியமாகும் இடத்தில் அந்தக் கோடு இழப்பு அச்சை 3இலோ 4இலோ வெட்டினால், அந்த வெட்டுத்துண்டில் பெரும்பங்கு களியின் நீர். 0.58ஐ விட்டு, அந்தக் கோட்டையே மாற்றுச் சமன்பாடாக வைக்கலாம். வயலுக்கு ஒரு கோடு, கரையோர மணலுக்கு இன்னொன்று.

நேரடி முறையிலும் ஒரு கண்ணி உண்டு. காபன் பகுப்பாய்வி கிடைக்காதவர்கள் இருகுரோமேற்று நியமிப்பைச் செய்வார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கக் களப்போர மண்ணில் குளோரைட்டு அதிகம். குளோரைட்டும் இருகுரோமேற்றைத் தின்னும், காபன் கூடியதாகத் தெரியும். முதலில் மண்ணைக் கழுவியோ வெள்ளிச் சல்பேற்றுச் சேர்த்தோ இதைச் சரிசெய்ய வேண்டும்.

களப்போர மண்ணில் சிப்பித்தூளும் இருக்கும். கல்சியம் காபனேற்று முழுதாகச் சிதைந்தால் நிறையில் 44 வீதம் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். 550 பாகையில் அது பெரும்பாலும் தாங்கும். ஆனால் உலையின் திரையில் 550 என்று காட்டினாலும் பின்சுவருக்கு அருகில் அதைவிடச் சூடாக இருக்கலாம். இதைப் பிடிக்க எளிய வழி, கழுவி உலர்த்திய சிப்பியை இடித்து ஒரு புடக்குகையில் இட்டு, மண்ணோடு சேர்த்துப் பின்வரிசையில் வைப்பதுதான். சிப்பியிலும் சிறிது சேதனப் பொருள் உண்டு, ஓரிரு வீதம் குறைவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் உலை மிகையாகச் சூடேறுகிறது.

இன்னொன்று, கார்த்திகை மாதத்தில் வருவது. வாடைக்காற்று மழையில் ஆய்வுகூடத்துக் காற்றே ஈரமாக இருக்கும். புடக்குகையை டெசிக்கேட்டரிலிருந்து எடுத்துத் தராசில் வைத்த கணத்திலிருந்து மூன்றாம் தசம இலக்கம் மெதுவாக ஏறத் தொடங்கும், களிமண் காற்றிலிருந்து நீரை உறிஞ்சுவதை நேரே பார்க்கலாம். எரிக்குமுன் 0.02 கிராம் ஏறவிட்டு நிறுத்தாலே இழப்பு 0.4 வீதம் கூடிவிடும். சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து உடனே நிறுக்க வேண்டும்.

ஆகவே முறையியல் பகுதியில் "எரித்தல் இழப்பு முறையால் சேதனக் காபன் அளக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. நான் எதிர்பார்ப்பது ஏறத்தாழ இப்படி:

"ஏறத்தாழ 5 கிராம் மண் 105 பாகையில் 24 மணித்தியாலம் உலர்த்தப்பட்டு, 550 பாகையில் 4 மணித்தியாலம் எரிக்கப்பட்டது. ஒவ்வொரு மாதிரியும் மும்முறை அளக்கப்பட்டது. உலைக்குள் வெப்பநிலைச் சீர்மை சிப்பித்தூளால் சோதிக்கப்பட்டது. இழப்பில் களிக் கனிமங்களின் கட்டமைப்பு நீரும் அடங்கும். ஆகவே 20 மாதிரிகளில் நேரடியாக அளந்த காபனுடன் மண்வகைவாரியாகப் பெற்ற சமன்பாடுகளால் சேதனக் காபன் மதிப்பிடப்பட்டது. களி வீதமும் கழிக்கப்படாத எரித்தல் இழப்பும் அட்டவணையில் தனித்தனியே தரப்பட்டுள்ளன."

கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். கழிக்கப்படாத எண் அட்டவணையில் இருந்தால், நாளை வேறொருவர் அதே வயலுக்கு நல்ல சமன்பாடு ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது உங்கள் மண்ணைத் திரும்ப எரிக்காமலே உங்கள் காபனைச் சரிசெய்துகொள்வார்.