தெறிவில்: நெருஞ்சி முள்ளிலிருந்து தொடைத் தசை வரை

‘ரிஃப்ளெக்ஸ்’ என்ற சொல்லின் வேர் இலத்தீன். பின்னால் வளைந்து திரும்புவது என்பது அதன் பொருள். நம் விஞ்ஞானப் பாடத்தில் அது தெறிவினை. அதன்போது நரம்பில் ஓடும் செய்தியாகிய கணத்தாக்கம் போய்வரும் பாதை தெறிவில். பட்டதும் தெறித்துத் திரும்புவதை ‘தெறி’ காட்டுகிறது, வளைந்த பாதையை ‘வில்’ காட்டுகிறது. இந்தியக் காணொளிகளில் வன்னி மாணவர்கள் கேட்கும் ‘அனிச்சை வில்’ என்பதும் இதையே குறிக்கும். ஆனால் அனிச்சை என்றால் விருப்பின்றி நடப்பது. இதயத் துடிப்பும் விருப்பின்றித்தான் நடக்கிறது, அது தெறிவினை அல்லவே. ஆகவே தெறிவில் என்பதே பொருத்தமான சொல்.

முரசுமோட்டை வயல் வரம்பில் வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்காலில் நெருஞ்சி முள் குத்துகிறது என்று வைப்போம். தோலிலுள்ள நோ வாங்கியில் கணத்தாக்கம் பிறக்கிறது. புலன் நரம்புக்கலத்தின் நார் வழியே மேலேறி, முதுகுப்புற வேரினூடாக முண்ணாணின் நரைநிறப் பகுதிக்குள் நுழைகிறது. அங்கே இடைநரம்புக்கலத்துக்கும், அதிலிருந்து இயக்க நரம்புக்கலத்துக்கும் கைமாறுகிறது. பிறகு வயிற்றுப்புற வேரால் வெளியேறித் தொடையின் பின்புறத் தசையை அடைகிறது. தசை சுருங்க, முழங்கால் மடிந்து பாதம் மேலே எழும்புகிறது. நோவை ஏற்றிவரும் வேகமான நார்களில் கணத்தாக்கம் செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடும் என்று கொண்டால், ஒரு மீற்றர் தூரத்துக்கு 0.05 செக்கன் போதும். மூளைக்கும் செய்தி போகிறது, ஆனால் அதன் கட்டளைக்காகக் கால் காத்திருப்பதில்லை.

மாணவர்கள் தெறிவில்லை வரையும் படத்தில் அதிகம் பிழையாவது புலன் நரம்புக்கலத்தின் கலவுடல். அதை முண்ணாணுக்குள் வரைந்துவிடுகிறார்கள். அது இருப்பது வெளியே, முதுகுப்புற வேரில் புடைத்துத் தெரியும் திரட்டில். இயக்க நரம்புக்கலத்தின் கலவுடலோ நரைநிறப் பகுதியின் வயிற்றுப்புறக் கொம்புக்குள்ளேயே இருக்கும். எந்தப் பக்கம் முதுகுப்புறம் என்று குழம்பினால் அந்தப் புடைப்பைத் தேடுங்கள். அது முதுகுப்புற வேரில் மட்டுமே உண்டு. வயிற்றுப்புறக் கொம்பு அகன்று குட்டையாகவும், முதுகுப்புறக் கொம்பு ஒடுங்கி விளிம்புவரை நீண்டும் இருப்பது இன்னோர் அடையாளம்.

நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடத்தில் கோட்டை ஒட்டிவிடக் கூடாது. அங்கே நுண்ணிய இடைவெளி உண்டு. அதை இரசாயனப் பொருளே கடக்கிறது. அந்தப் பொருள் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிவருவதால் கணத்தாக்கம் திரும்பிப் போகாது. அம்புக்குறிகள் எல்லாம் வாங்கியிலிருந்து தசையை நோக்கியே இருக்கவேண்டியது இதனால்தான். பெயர்க்கோட்டின் நுனியும் உறுப்பைத் தொடவேண்டும். வேருக்குப் பக்கத்து வெற்றிடத்தில் நின்றுவிட்டால் எதைப் பெயரிட்டீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியாது.

முழங்காலின் கீழே தட்டும்போது கால் உதைக்கும் தெறிவினையைக் கேட்டால் இதே படத்தை வரையாதீர்கள். அங்கே வாங்கி தோலில் இல்லை, தொடையின் முன்புறத் தசைக்குள் இருக்கிறது. அந்தத் தசையைச் சுருக்கும் பாதையில் இடைநரம்புக்கலமும் இல்லை. புலன் நரம்புக்கலம் இயக்க நரம்புக்கலத்தை நேரே சந்திக்கிறது.