செடி ஒன்று, டீ மூன்று. மூலிகை டீ மட்டும் வேறு

கிரீன் டீ, பிளாக் டீ, ஒயிட் டீ மூன்றும் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைதான். அதில் சிற்றிலைச் சீன வகை, பேரிலை அசாம் வகை என்று இரண்டு உண்டு. ஆனால் கிரீன் டீக்கென்று தனிச்செடி கிடையாது.

வித்தியாசம் பறித்த பிறகு வருவது. நறுக்கிய கத்தரிக்காய் சற்று நேரத்தில் கறுக்கிறதே, அது காயிலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. தேயிலையிலும் அந்த வகை நொதி இருக்கிறது. கிரீன் டீக்கு, பறித்த இலையைச் சீக்கிரமே நீராவியில் காட்டுவார்கள் அல்லது சூடான சட்டியில் வறுப்பார்கள். சூட்டில் நொதி செயலிழப்பதால் பச்சை நிறம் தங்கிவிடுகிறது.

பிளாக் டீயில் நொதிக்கு முழுச் சுதந்திரம். இலையை வாட்டி, துவண்டதும் உருட்டி அல்லது நசுக்கி, கசிந்த சாற்றில் காற்றுப்படும்படி பரப்பி வைப்பார்கள். செம்பு நிறம் ஏறி மணம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்துவார்கள். தொழிலில் இதை 'நொதித்தல்' என்றே சொல்வது பழக்கம். மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர் செய்யும் வேலை அல்ல, வெறும் ஆக்சிஜனேற்றம்தான்.

ஒயிட் டீக்கு மொட்டும் இளந்தளிரும். வறுப்பதில்லை, உருட்டுவதில்லை, நிதானமாக வாட்டி உலர்த்துவதோடு சரி. இலை நசுங்காததால் நொதியின் வேலையும் கொஞ்சம்தான்.

இந்த முறைகளில் எதுவும் கஃபீனை வெளியேற்றாது. தூக்கம் கெடுகிறதென்று இரவில் பிளாக் டீயை விட்டு கிரீன் டீக்கு மாறுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். சுவை மென்மையானது என்பதால் ஒயிட் டீயில் கஃபீன் இல்லை என்று நினைப்பதும் தவறு. இளம் மொட்டில் அது நிறையவே இருக்கும்.

கிரீன் டீ கசந்தால், பெரும்பாலும் தவறு தண்ணீரில். 200 மில்லிக்கு 2 கிராம் இலை போதும். கொதித்த நீரை 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றி, 2 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பிளாக் டீக்குக் கொதிநீரே சரி.

மூலிகை டீ என்பது பெயரளவில்தான் டீ. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த கெமோமில் பூ, புதினா இலை, இஞ்சி என எதுவாகவும் இருக்கலாம். கொதிநீர் ஊற்றி 5 முதல் 10 நிமிடம் மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் மணம் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். பெரும்பாலானவற்றில் கஃபீன் இல்லை. தென் அமெரிக்காவின் யெர்பா மாத்தே விதிவிலக்கு.

பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கப் பொருட்பட்டியலைப் பாருங்கள். 'துளசி கிரீன் டீ' என்றால் அதில் தேயிலையும் இருக்கும், கஃபீனும் இருக்கும். தேயிலையே இல்லாத கலவையிலும் அதிமதுரம் இருக்கிறதா என்று தேடுங்கள். தினமும் நிறையக் குடித்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் அந்தப் பாக்கெட்டை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.