ஒக்கிப் புயலும் ஆர்.கே. நகரும்: எது பெரிய செய்தி என்று யார் முடிவு செய்கிறார்கள்?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பர் மரம், வாழை, மின்கம்பம் என்று எல்லாம் சாய்ந்து கிடந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் பெரிய இழப்பு கரையில் இல்லை, கடலில். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கடற்கரை ஊர்களின் ஆண்கள் பல நாள் கடலிலேயே தங்கி ஆழ்கடலில் மீன் பிடிப்பவர்கள். புயல் வந்தபோது அவர்களில் பலர் எந்த எச்சரிக்கையும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

அதே நாட்களில் சென்னையில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் சூடு பிடித்திருந்தது. ஜெயலலிதா மறைந்ததால் காலியான தொகுதி, டிசம்பர் 21-இல் வாக்குப்பதிவு, 24-இல் எண்ணிக்கை. நடிகர் விஷாலின் வேட்புமனு முதலில் தள்ளுபடி, பிறகு ஏற்பு, மறுபடியும் தள்ளுபடி என்று இழுபட்ட நாளில், கடலுக்குப் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் இங்கே குமரியில் பல அம்மாக்கள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் மலையாளச் சேனலும் பார்ப்போம், தமிழ்ச் சேனலும் பார்ப்போம். விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் நின்று நேரலை செய்துகொண்டிருந்த மலையாளச் சேனல்களில் கடல்தான் முதல் செய்தி. ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டித் தமிழுக்கு வந்தால் அங்கே தேர்தல் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த டிசம்பர் நடுவில் சேலத்தில் இருக்கும் ஒருவரிடம் போய், 'இப்போது தமிழ்நாட்டின் முக்கியமான பிரச்சினை எது?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவர் வள்ளவிளைக் கடலையும் பார்க்கவில்லை, ஆர்.கே. நகர் தெருவையும் பார்க்கவில்லை. இரண்டுமே அவருக்குச் செய்தியாக மட்டும்தான் வந்தன. அவர் மனதில் எது முதலிடம், எது ஐந்தாமிடம் என்ற வரிசை எப்படி உருவாகிறது என்பதைத்தான் 'நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாடு' விளக்குகிறது. ஆங்கிலத்தில் அஜெண்டா செட்டிங் என்பார்கள்.

செய்தி ஊடகம் மக்களின் கருத்தையே மாற்றிவிடும் என்று இந்தக் கோட்பாடு சொல்லவில்லை. 1963-இல் பெர்னார்ட் கோஹன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் எழுதியதன் சாரம் இது: மக்கள் ஒன்றைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகைகள் பெரும்பாலும் வெற்றி பெறுவதில்லை, ஆனால் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் அபாரமாக வெற்றி பெறுகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை அளந்து காட்ட முடியுமா?

மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலினா மாநிலத்தின் சாப்பல் ஹில் ஊரில் அதைச் செய்து பார்த்தார்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் செய்தி யாரையாவது தொடும் என்றால் முதலில் இவர்களைத்தான் தொடும். அரசியல்வாதிகள் சொல்வதை விடுங்கள், அரசு கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று முக்கியமான விஷயங்கள் உங்கள் கணக்கில் என்னென்ன என்று கேட்டார்கள். இது ஒரு பட்டியல். இன்னொரு பக்கம் அந்த மக்கள் படிக்கும் நாளிதழ்கள், வார இதழ்கள், இரவு டிவி செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து, எந்த விஷயத்துக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று எண்ணினார்கள். டிவியில் 45 விநாடிக்குக் குறையாமல் ஓடினாலோ முதல் மூன்று செய்திகளில் ஒன்றாக வந்தாலோ அது பெரிய செய்தி, மற்றது சிறிய செய்தி. பத்திரிகைக்கும் இதுபோல ஓர் அளவுகோல் வைத்தார்கள்.

பிறகு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெளியுறவு, சட்டம் ஒழுங்கு, நிதிக் கொள்கை, மக்கள் நலன், குடிமை உரிமைகள் என்று ஐந்து விஷயங்கள். ஊடகம் கொடுத்த அழுத்தத்துக்கும் மக்கள் சொன்ன முக்கியத்துவத்துக்கும் இடையிலான தொடர்பு, பெரிய செய்திகளில் 0.967. முழுப் பொருத்தம் என்றால் 1, எந்தத் தொடர்பும் இல்லையென்றால் 0, அப்படியானால் இது எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1972-இல் ஆய்வு வெளியானது. 'அவரவர் தங்களுக்குப் பிடித்த கட்சி சொல்வதைத்தானே பிரச்சினை என்று நினைப்பார்கள்' என்று யாராவது கேட்கலாம் என்பதால் அதையும் சோதித்திருந்தார்கள். ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்த வாக்காளர்கள்கூட, தாங்கள் விரும்பிய வேட்பாளரைப் பற்றிய செய்திகளின் வரிசையைவிட, மொத்தச் செய்திகளின் வரிசையோடுதான் அதிகம் ஒத்துப்போனார்கள்.

சரி, ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு பட்டியல்கள் ஒத்துப்போகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. மக்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களோ அதையே ஆசிரியர்கள் மோப்பம் பிடித்துப் பெரிதாகப் போட்டிருக்கலாமே? இல்லை, நாட்டில் உண்மையிலேயே அது பெரிய பிரச்சினையாக இருந்ததால் இரண்டு பேருமே அதைக் கவனித்திருக்கலாமே?

இந்தச் சந்தேகத்துக்கு நல்ல பதில் ஷாந்தோ ஐயங்கார், மார்க் பீட்டர்ஸ், டொனால்ட் கிண்டர் மூவரும் 1980-களின் தொடக்கத்தில் நியூ ஹேவன் நகரில் நடத்திய சோதனை. ஊர்க்காரர்கள் சிலரைச் சம்பளம் கொடுத்து அழைத்து, நாட்டின் பிரச்சினைகளை முதலில் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அப்புறம் தினமும் வந்து, முந்தைய நாள் இரவு டிவியில் வந்த செய்தியின் பதிவைப் பார்க்க வேண்டும். ஒரு குழுவின் பதிவில் மட்டும், அமெரிக்க ராணுவத்தின் பலவீனங்களைப் பற்றிய பழைய செய்தித் துண்டுகளை, பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் ஆய்வாளர்கள் ஒட்டியிருந்தார்கள். அந்த வாரம் முடிந்து மறுபடி வரிசைப்படுத்தச் சொன்னபோது, எட்டுப் பிரச்சினைகளில் ஆறாவது இடத்தில் இருந்த பாதுகாப்பு, அந்தக் குழுவினருக்கு இரண்டாவது இடத்துக்கு ஏறியிருந்தது. ஒட்டாத பதிவைப் பார்த்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. வெளியுலகம் இரு குழுவுக்கும் ஒன்றுதான், மாறியது செய்தி மட்டும்தான்.

இதே ஆய்வாளர்கள் விலைவாசியை வைத்தும் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே வரிசை நகரவில்லை, ஏனென்றால் விலைவாசி ஏற்கனவே உச்சியில் இருந்தது. கடைக்குப் போகிற யாருக்கும் அதை டிவி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹரால்ட் சக்கர் என்ற ஆய்வாளர் 1978-லேயே இதைப் பிரித்துக் காட்டியிருந்தார்: வேலையின்மை, விலைவாசி போல நம் வாழ்க்கையில் நேரடியாக இடிக்கும் விஷயங்களில் ஊடகத்தின் பிடி குறைவு, மாசு, போதைப்பொருள் போல, பெரும்பாலோருக்குச் செய்தி வழியாக மட்டுமே தெரியவரும் விஷயங்களில் பிடி மிக அதிகம்.

ஒக்கியை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு அந்த டிசம்பர் புரிகிறது. தூத்தூரில் எந்தப் பத்திரிகையும் யாருக்கும் வரிசை போட்டுக் கொடுக்கத் தேவையில்லை. கரண்டும் இல்லாமல் டிவியும் ஓடாத வீட்டில்கூட முதல் பிரச்சினை எதுவென்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் தொகுதியிலும் அமைச்சகத்திலும் அழுத்தம் உண்டாக்கக்கூடிய மற்ற ஏழு கோடிப் பேருக்கு ஒக்கி முழுக்க முழுக்கச் செய்திதான். அவர்களிடம் அது எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பது, அன்றைய செய்தியில் அதற்கு எத்தனை நிமிடம், எத்தனையாவது இடம் என்பதைச் சார்ந்தே இருந்தது. இந்த வரிசையில் இடமும் கொஞ்சம்தான். ஒரு சமயத்தில் மக்கள் மனதில் முக்கியப் பிரச்சினைகளாக நிற்பவை ஐந்தாறுதான் என்று இந்தத் துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். ஆர்.கே. நகர் எடுத்துக்கொண்ட நிமிடம் கடலுக்குக் கிடைக்காத நிமிடம்.

இதில் பத்திரிகை அச்சாகும் முறைக்கும் பங்கு இருக்கிறது. தமிழ் நாளிதழ்கள் நாகர்கோவில் பதிப்பு, சென்னைப் பதிப்பு என்று தனித்தனியாக வருகின்றன. நாகர்கோவில் பதிப்பின் மாவட்டப் பக்கத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி அரைப் பக்கம் வரலாம், ஆனால் அந்த அரைப் பக்கத்தைப் படிப்பவர்கள் ஏற்கனவே அதை அறிந்தவர்கள். எல்லாப் பதிப்புக்கும் பொதுவான பக்கத்துக்கு ஏறினால்தான் சேலத்துக்காரருக்கு அது செய்தி. இங்குள்ள செய்தியாளர்கள் எழுதாமல் இல்லை, எழுதியது எந்தப் பக்கத்தில் முடிந்தது என்பதுதான் கேள்வி.

அந்தப் பக்கத்துக்கு ஏறுவதற்குப் படம் வேண்டும். காணாமல் போன படகுக்குப் படம் கிடையாது, நடுக்கடலில் கேமராவும் கிடையாது. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது நிலைமை மாறியது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் ரயில் நின்றது. நிற்கும் ரயிலுக்குப் படம் உண்டு, அதன் முன்னால் காணாமல் போனவர்களின் புகைப்படத்தைப் பிடித்திருக்கும் பெண்களுக்கும் படம் உண்டு. டிசம்பர் 12-இல் முதலமைச்சர் பழனிசாமி குமரிக்கு வந்தார், 19-இல் பிரதமர் மோடி வந்தார். இந்த வருகைகளுக்கு மறியல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து மாநிலத்தின் நிவாரண அறிவிப்பும் தேடுதலில் ஏற்பட்ட தாமதத்தின் மீதான கோபமும் சேர்ந்துதான் அழுத்தம் கொடுத்தன. ஆனால் மக்கள் தங்கள் பிரச்சினையைச் செய்தியின் வரிசைக்குள் தாங்களே தள்ளி ஏற்றுவதையும் ஆய்வாளர்கள் இந்தக் கோட்பாட்டோடு சேர்த்தே படிக்கிறார்கள், குழித்துறையில் நடந்தது அதுதான்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செய்தி இன்று பெரிதாக வந்தால் நாளையே மக்கள் மனதில் ஏறிவிடாது. அமெரிக்காவில் குடிமை உரிமைப் பிரச்சினையைப் பற்றிய 23 ஆண்டுச் செய்திகளையும் கருத்துக்கணிப்புகளையும் ஒப்பிட்ட விண்டர், ஏயல் இருவரும், முந்தைய நான்கு முதல் ஆறு வாரச் செய்திகள்தான் மக்களின் வரிசையோடு மிக நெருக்கமாகப் பொருந்துகின்றன என்று 1981-இல் எழுதினார்கள். எல்லா விஷயத்துக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பெரிய விபத்து போன்றவை ஒரே நாளில் ஏறலாம். என்றாலும் தேதிகளைப் பாருங்கள். புயலில் இருந்து ஆர்.கே. நகர் எண்ணிக்கை வரை நான்கு வாரம்கூட முழுதாக இல்லை, தேடுதல் பற்றிய செய்தி மாநிலம் முழுவதும் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்க வேண்டிய வாரங்கள் அவைதான்.

இந்தக் கோட்பாட்டை வைத்து அளவுக்கு மீறிச் சொல்லாமல் இருக்க ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 0.967 என்பது 100 பேரின் கூட்டுப் பட்டியலுக்கான எண், அதுவும் ஐந்தே விஷயங்களை வைத்து. அந்த நூறு பேரில் ஒவ்வொருவருடைய வரிசையும் ஊடகத்தின் வரிசையோடு பொருந்தியது என்று அதற்குப் பொருள் இல்லை. டேவிட் வீவர் 1970-களில் காட்டியபடி, ஒரு விஷயம் தனக்கு முக்கியம் என்று நினைத்து, ஆனால் அதைப் பற்றித் தெளிவில்லாமல் இருப்பவர்தான் செய்தியை அதிகம் தேடுகிறார், அவரிடம்தான் செய்தியின் வரிசை அதிகம் ஒட்டுகிறது. அக்கறையே இல்லாதவரிடம் அது ஒட்டுவது குறைவு. சேலத்துக்காரர் ஒருவருக்குத் தூத்தூரில் ஒரு சிநேகிதர் இருந்திருந்தால், தலைப்புச் செய்தி எதுவாக இருந்தாலும் அவருடைய முதல் கவலை அந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு போன் அழைப்பாகத்தான் இருந்திருக்கும்.