இரண்டு கல்யாண வீடு, ஒரே ஓட்டம்: மாற்றி மாற்றி வெட்டும்போது எங்கே தவறுகிறது

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களிடம் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது இது: "பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டுங்க. அப்படியே ஏறி ஏறிப் போய் தாலி கட்டுறதுல முடியணும்." கேட்பது சரியானதுதான். ஆனால் பெரும்பாலும் கைக்கு வருவது இரண்டு ஆல்பங்களைக் கலைத்துப் போட்டது போன்ற ஒன்று. மாப்பிள்ளை கைக்கடிகாரம் கட்டுகிறார், பெண் வளையல் போடுகிறார், மாப்பிள்ளை தலை வாருகிறார், பெண் பூ வைக்கிறார். பாட்டு வேகமாகிறது, படமும் வேகமாகிறது. பார்ப்பவருக்கு எதுவும் ஏறுவதில்லை.

அப்படி ஒரு வீடியோ மறுபடி வெட்டித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. பெண் வீடு மண்டபத்துக்குப் பக்கத்துத் தெரு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து விடியற்காலையில் வேனில் வந்தார்கள். இரண்டு இடத்திலும் தனித்தனி கேமரா குழு. நான்கு நிமிடத் தொகுப்பு முழுக்க ஒவ்வொரு ஷாட்டும் ஏறக்குறைய இரண்டு நொடி, எல்லா வெட்டும் பாட்டின் தாளத்தில். கூடவே இன்னொரு சிக்கலும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அம்மா மனம் வருந்தியிருந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏறுவது என்றால் என்ன என்று பார்ப்போம். ஷாட்டின் நீளம் குறைவதால் மட்டும் பரபரப்பு வராது. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக ஒரு கேள்வி வேண்டும், அந்தக் கேள்விக்கு ஒரு கெடுவும் வேண்டும். அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் 1909இல் எடுத்த 'தி லோன்லி வில்லா' என்ற மௌனப் படத்தில் இது தெளிவாக இருக்கிறது. கொள்ளையர்கள் கதவை உடைக்கிறார்கள், உள்ளே தாயும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தகவல் தெரிந்த தந்தை வீட்டை நோக்கி விரைகிறார். மூன்று இடங்களையும் கட்டிவைப்பது 'அவர் வந்து சேர்வாரா' என்ற ஒரே கேள்விதான். கல்யாணத்தில் கெடு தானாகவே இருக்கிறது, அதுதான் முகூர்த்தம். கேள்வியைத்தான் நாம் தேட வேண்டும்.

அந்த ஃபுட்டேஜை முழுதாகப் பார்த்தபோது கேள்வி கூறைப்புடவையில் கிடைத்தது. பல சமூகங்களில் கூறையை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். மணமேடையில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போய் உடுத்தி வந்த பிறகுதான் தாலி. அதாவது வேன் வராமல் பெண்ணின் அலங்காரம் முழுமை பெறாது. பெண் உடுத்தி வராமல் மாப்பிள்ளையின் காத்திருப்பு முடியாது. ஒரு வீட்டில் நடப்பது இன்னொரு வீட்டை நேரடியாகத் தொடுகிறது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஓடும் வேனில் கூறைத் தட்டை மடியில் வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் ஒரு நீண்ட ஷாட் இருந்தது. பழைய எடிட்டில் அது பயன்படவே இல்லை, ஏனென்றால் அதில் மாப்பிள்ளை இல்லை, பளபளப்பும் இல்லை. எனக்கு மொத்தத் தொகுப்பின் முதுகெலும்பே அதுதான்.

அதன்பின் செய்தது இது. மாப்பிள்ளை வீட்டு இழையை மட்டும் தனி டைம்லைனில் முதலிலிருந்து கடைசி வரை வெட்டினேன்: பீரோவிலிருந்து கூறை தட்டுக்கு வருகிறது, தட்டு வேன் ஏறுகிறது, வழி, மண்டப வாசல், மணமேடை. பெண் வீட்டு இழையையும் அப்படியே தனியாக வெட்டினேன்: தலை பின்னுவது, பூ, முதல் புடவை, வாசலில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கும் அத்தை. தனியாகப் பார்த்தால் இரண்டுமே கதையாக நிற்க வேண்டும். அப்படி நிற்காத இழை, இன்னொன்றோடு கலந்தாலும் நிற்காது. நேரடியாகக் கலக்கத் தொடங்குபவர்கள் இந்தக் குறையை வேகத்தால் மறைக்கப் பார்க்கிறார்கள்.

கலக்கும்போது எங்கே ஒரு வீட்டை விட்டு வெளியேறுகிறோம் என்பதுதான் எல்லாம். செயல் முடிந்த இடத்தில் வெளியேறினால் பார்ப்பவரின் மனமும் அங்கே முடிந்துவிடும். ஜடை பின்னி முடித்து, பூவும் வைத்து, பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த பிறகு வேனுக்குப் போனால் திரும்பிவரக் காரணமே இல்லை. பின்னல் பாதியில் இருக்கும்போது, "குஞ்சலம் எங்கேடி?" என்று யாரோ கேட்கும்போது வெளியேற வேண்டும். திரும்பி வரும்போது குஞ்சலம் கட்டியாகிவிட்டது என்று காட்டினால் போதும். நடுவில் போன பத்து நிமிடத்தைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். மாற்றி வெட்டுவதன் பெரிய பயன் இதுதான்: ஒவ்வொரு இழையிலும் சலிப்பான பகுதி, நாம் அடுத்த வீட்டில் இருக்கும்போது நடந்து முடிந்துவிடுகிறது.

நீளத்துக்கு வருவோம். ஷாட்டின் நீளமும், ஒரு வீட்டில் ஒரு தடவை தங்கும் நேரமும் வேறு வேறு. நான் முதலில் பெண் வீட்டில் 20 நொடி தங்கினேன், அதற்குள் நான்கு ஷாட். பிறகு மாப்பிள்ளை வீட்டில் 18 நொடி. அடுத்து 14, 12, 9, 8 என்று குறைந்தது. 4 நொடிக்கு வந்தபோது ஒரு தடவைக்கு ஒரே ஷாட்தான். கடைசி மாற்றங்கள் 2 நொடி. தொடக்கத்திலேயே 2 நொடியில் இருந்தால் இறங்க இடமில்லை. பழைய எடிட்டில் நடந்தது அதுதான். அதே சமயம், சீராகக் குறைந்துகொண்டே போனால் பார்ப்பவர் அதை முன்கூட்டியே உணர்ந்துவிடுவார். அதனால் 6 நொடிக்குப் பக்கத்தில் ஒரு தடவை மட்டும் வேனிலேயே 11 நொடி நின்றேன். ரயில்வே கேட் மூடியிருக்கிறது, டிரைவர் இன்ஜினை அணைக்கிறார். அந்தத் தாமதம் உண்மையில் நடந்தது. அதை வெட்டி எறிந்திருந்தார்கள்.

நீளம் குறையும்போது படத்தின் அளவும் நெருங்க வேண்டும். பட்டும் பூவும் முகங்களும் நிறைந்த ஒரு தொலைவு ஷாட்டைக் கண் படிக்க நேரம் எடுக்கும். ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், முடிச்சுப் போடும் விரல்களைப் படிக்க 15 ஃபிரேம்கூடப் போதும். மண்டபக் கூட்டத்தை அந்த நேரத்தில் படிக்க முடியாது. கடைசி அரை நிமிடம் குழப்பமாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் வேகத்தைக் குறைப்பதற்கு முன், அங்கே தொலைவு ஷாட்கள் எத்தனை என்று பாருங்கள்.

ஒலியில் ஒரு சோதனையை எல்லோருக்கும் சொல்வேன். பாட்டை முழுதாக அணைத்துவிட்டுப் பாருங்கள். ஏற்றம் காணாமல் போனால் ஏறியது பாட்டு, வெட்டு இல்லை. இந்தத் தொகுப்பில் முதல் பாதிக்குப் பாட்டே போடவில்லை. பெண் வீட்டில் கொலுசு, பாத்திரம், குழந்தை அழுகை. மாப்பிள்ளை பக்கத்தில் இன்ஜின், ஹாரன், டீக்கடை வானொலி. கண்ணை மூடினாலும் எந்த இடம் என்று தெரிய வேண்டும். வேன் ஊருக்குள் நுழையும்போது மண்டபத்து நாதஸ்வரம் படத்துக்கு முன்பாகவே, வேனுக்குள் இருக்கும்போதே கேட்கத் தொடங்குகிறது. அங்கிருந்து இரண்டு இழைக்கும் ஒரே ஒலி. கெட்டிமேளத்தை மட்டும் தாலிக்கு முன்னால் எங்கும் தொடவே கூடாது. டிரெய்லர் போலத் தொடக்கத்திலேயே அதைப் போட்டுவிடுகிறவர்கள் உச்சத்தை முதல் நிமிடத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

இனி பெண்ணின் அம்மாவின் வருத்தம். பழைய வீடியோவில் பெண்ணின் அப்பா வியர்க்க வியர்க்கச் சமையல்காரரிடம் கணக்குப் பார்க்கும் ஷாட்டுக்கு அடுத்ததாக, மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் சாய்ந்து காபி குடிக்கும் ஷாட் இருந்தது. வெட்டியவர் எதையும் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர் ஒப்பிடாமல் இருக்க மாட்டார். அங்கே படத்தில் இல்லாத ஒரு வாக்கியம் பிறந்துவிடுகிறது: 'இவர் பாடுபடுகிறார், அவர் சுகமாக இருக்கிறார்.' கல்யாணம் முடிந்து சம்பந்திகள் உறவு தொடங்கும் நேரத்தில் அந்த வாக்கியம் நஞ்சு. அந்தக் காபி எடுக்கப்பட்டது முதல் நாள் மாலையில். மறுநாள் விடியலில் அதே மனிதர் வேனில் ஆட்களை எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டு அப்பாக்களும் ஒரே கவலையில் இருந்தார்கள் என்பது தெரிந்தது, அதுதான் நடந்ததும்கூட. வேறு வேறு நேரத்தில் நடந்ததை ஒரே நேரம்போலக் காட்டும்போது யாருடைய பெயர் கெடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வீட்டின் அளவு, நகையின் அளவு இவற்றை எதிரெதிரே வைப்பதும் அப்படித்தான்.

கூறை கைமாறிய பிறகு இழைகள் இடம் மாறுகின்றன. பெண் அறைக்குள், மாப்பிள்ளை மணமேடையில், தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சபையைச் சுற்றி வருகிறது. புடவை கட்டுவதும் தட்டு சுற்றுவதும் ஒன்றோடொன்று போட்டியிடும் இந்தச் சில நிமிடங்கள்தான் முழுக் கல்யாணத்திலும் மாற்றி வெட்ட மிகப் பொருத்தமானவை. ஆனால் அறைக்குள் கேமரா போவதற்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். கொசுவம் மடிக்கும் விரல்கள், ஊக்கு, தரையில் விழும் சரிகை, மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் சித்தி, இவ்வளவு போதும். பாதி உடுத்திய நிலையில் எடுத்தது எதுவும் டைம்லைனுக்கே வரக்கூடாது, ஹார்ட் டிஸ்க்கிலும் தங்கக்கூடாது.

பெண் கூறையில் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்ததும் மாற்றி வெட்டுவது நிற்க வேண்டும். இருவரும் ஒரே ஃபிரேமில் வந்துவிட்டார்கள், இனி இரண்டு இடம் இல்லை. அங்கே 15 நொடி வெட்டே இல்லாமல் விட்டேன், தாலி முடிச்சு விழும் வரை. அந்த இடத்திலும் பழைய வேகத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால், அத்தனை நேரம் எதற்காகக் காத்திருந்தோமோ அதைப் பார்க்கவிடாமல் செய்கிறோம்.

இதில் பாதி, படம் எடுக்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடும். அதனால் இரண்டு குழுக்களும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒரே கைபேசியைப் பார்த்து நிமிடம் பிசகாமல் வையுங்கள், இல்லாவிட்டால் எது எதற்கு முன்னால் நடந்தது என்று எடிட்டருக்குத் தெரியாது. ஒரு வீட்டு ஜன்னல் இருட்டாகவும் அடுத்த வீட்டில் வெயிலுமாக அடுத்தடுத்து வந்தால் 'ஒரே நேரம்' என்ற நம்பிக்கை போய்விடும், ஆகையால் விடியலுக்கு முந்தைய ஷாட்கள் இரண்டு பக்கமும் வேண்டும். மாப்பிள்ளை பக்கத்துப் பயணம் எல்லாம் திரையில் இடமிருந்து வலம், பெண் வருவது வலமிருந்து இடம் என்று வைத்துக்கொண்டால் இருவரும் ஒருவரை நோக்கி வருவது சொல்லாமலே புரியும். எடிட்டில் படத்தைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், வேனில் எழுதிய பெயரும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியும்.